பிராந்தியச் சராசரியும் உறுப்புப் பட்டியலும்: இலங்கையை முன்வைத்து ஒரு நோக்கு

2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியாவை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. மாலைதீவுக்கு அடுத்தபடியாகத் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் இச்சான்றைப் பெறும் இரண்டாவது நாடு இலங்கை என்று அப்போது சொல்லப்பட்டது. அந்தக் கூற்றில் பிழை எதுவும் இல்லை. ஆனால் பாடசாலை நிலப்படத்தைப் பார்த்துத் தென்கிழக்காசியாவை அறிந்த ஒருவர், சிங்கப்பூர் 1982இலும் புருணை 1987இலும் அதே சான்றைப் பெற்றுவிட்டனவே என்று கேட்டால் அவரிடமும் பிழை இல்லை. அந்த இரண்டு நாடுகளும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அட்டவணையில் மேற்குப் பசுபிக் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. மாலைதீவையும் இலங்கையையும் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்தியது நோயின் வரலாறு மட்டுமல்ல. உறுப்புப் பட்டியலும் அதில் பங்குகொண்டது. சர்வதேசப் புள்ளிவிபர அட்டவணைகளில் காணும் பிராந்தியப் பெயர்களை நிலப்பரப்பின் பெயர்களாக வாசிப்பது தவறு என்பதும், ஒவ்வொரு பிராந்திய எண்ணும் தன் உறுப்புப் பட்டியலோடு சேர்ந்தே பொருள் தரும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் தொகுப்பிலிருந்து தொடங்குவது வசதியானது. ஏனெனில் அது தன் இயல்பை ஒளிப்பதில்லை. அதன் யாப்பின்படி பிராந்தியங்களை வரையறுக்கும் அதிகாரம் உலக சுகாதாரப் பேரவைக்கு உரியது. எந்தப் பிராந்தியத்தில் இருப்பது என்பதில் உறுப்பு நாட்டின் விருப்பத்துக்கும் கணிசமான இடமுண்டு. இதன் விளைவுகள் விசித்திரமானவை. 2016இல் தென்கிழக்காசியப் பிராந்தியத்தின் 11 நாடுகளுள் இலங்கை, இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகியவற்றோடு தாய்லாந்தும் இந்தோனேசியாவும் வடகொரியாவும் இருந்தன. தென்கொரியாவோ மேற்குப் பசுபிக்கில். மத்தியதரைக் கடலைத் தொடாத பாகிஸ்தான் கிழக்கு மத்தியதரைப் பிராந்தியத்தில் இருக்கிறது. கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தவரை அந்தக் கிழக்கு மத்தியதரைக் கணக்கில் சேர்ந்த வங்காளக் கழிமுகம், பங்களாதேஷாகி 1972இல் ஸ்தாபனத்தில் இணைந்தபோது தென்கிழக்காசியக் கணக்குக்கு வந்துவிட்டது. ஆறுகள் இடம் மாறவில்லை. கடிதப் போக்குவரத்து அலெக்சாந்திரியாவுக்குப் பதிலாகப் புதுடில்லியோடு என்றாயிற்று. எந்த நாட்டுச் சுகாதார அமைச்சு எந்தப் பிராந்திய அலுவலகத்தோடு வேலை செய்கிறது என்பதே இத்தொகுப்பின் அடிப்படை.

இது புதிய வழக்கமும் அல்ல. 1943இல் அமைக்கப்பட்ட நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் 1944 ஏப்ரலில் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குத் தன் தலைமையகத்தை மாற்றியது. அன்று இலங்கை தென்கிழக்காசியாவுக்குள் இருந்தது. பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்த இந்தியா தனிக் கட்டளைப் பீடத்தின் கீழ் இருந்தது. போர்க்காலப் பிரிவிலிருந்தே பின்னாளைய சுகாதாரப் பிராந்தியம் பிறந்தது என்று சொல்ல இது போதாது. ஆனால் கண்டி மக்கள் வாழும் அதே மண், செய்யவேண்டிய வேலையைப் பொறுத்து வெவ்வேறு வட்டத்துக்குள் போடப்பட்டுவந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

ஐக்கிய நாடுகள் புள்ளிவிபரப் பிரிவின் தொகுப்பு வேறு தர்க்கத்தில் எழுந்தது. எம் 49 என்று புள்ளிவிபரவியலாளர் அழைக்கும் அந்தக் குறியீட்டு முறை 1970இல் முதலில் வெளிவந்தது. கண்டம், உபபிராந்தியம் என்று புவியியலை ஒட்டியே அது நாடுகளை அடுக்குகிறது. புள்ளிவிபர வசதிக்காகவே இப்பகுப்பு, அரசியல் சார்பு எதையும் குறிக்காது என்ற பொறுப்புத்துறப்பும் அதில் உண்டு. அங்கே தென்னாசியா ஒன்பது நாடுகள், ஒன்பதாவது ஈரான். சார்க் அமைப்பின் எட்டு நாடுகளையே தென்னாசியா என்று எண்ணிப் பழகிய வாசகருக்கு இது உறுத்தும். நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளின் அறிக்கைகள் இந்த ஒன்பதையும் மத்திய ஆசியாவோடு சேர்த்து ஒரே வரிசையில் தருகின்றன. ஆகவே அங்கே நம் நாட்டின் அயலார் பட்டியலில் கசகஸ்தானும் வரும். சர்வதேச நாணய நிதியத்தின் உலகப் பொருளாதார அறிக்கையிலோ இலங்கை வளர்ந்துவரும் ஆசியாவில் சீனாவோடு நிற்கிறது; பாகிஸ்தான் மத்திய கிழக்கு, மத்திய ஆசியா என்ற தொகுதியில் நிற்கிறது. புவியியலைப் பின்பற்றுகிறோம் என்பவர்களும், கோட்டை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கவே வேண்டியிருக்கிறது. ஈரானை மேற்காசியாவில் போட்டிருந்தாலும் எந்தப் புவியியலாளரும் வியந்திருக்க மாட்டார்.

இந்த வேறுபாடு எண்ணை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அண்மையில் ஒரு நேரடிச் சோதனை கிடைத்தது. 2025 ஜூலையில் உலக வங்கி ஆப்கானிஸ்தானையும் பாகிஸ்தானையும் தன் தென்னாசியத் தொகுதியிலிருந்து எடுத்து, மத்திய கிழக்கு, வட ஆபிரிக்கத் தொகுதியில் சேர்த்து, அத்தொகுதியின் பெயரையும் நீட்டியது. பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்க்கையைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2023க்கான ஐ.நா. மதிப்பீடுகளை முழு எண்களாக்கினால் இந்தியா 72, பாகிஸ்தான் 68, பங்களாதேஷ் 75, ஆப்கானிஸ்தான் 66, நேபாளம் 70, இலங்கை 77, பூட்டான் 73, மாலைதீவு 81 ஆண்டுகள். சனத்தொகையால் நிறையிட்டால் எட்டு நாடுகளின் சராசரி ஏறத்தாழ 71.7. இரு நாடுகளை நீக்கினால் அது 72.3 ஆகிறது. யாரும் ஒருநாள் கூடுதலாக வாழாமலே தென்னாசியாவின் ஆயுள் அரை ஆண்டுக்கு மேல் கூடிவிடுகிறது. எட்டோடு ஈரானையும் சேர்த்து ஐ.நா.வின் ஒன்பதாக்கினால் 72 அளவில் நிற்கும். நிறையிடாமல் நாட்டுக்கு ஒரு வாக்கு என்று சராசரி எடுத்தால் மாற்றம் இன்னும் பெரிது: எட்டு நாடுகளுக்கு 72.8 இருந்தது ஆறு நாடுகளுக்கு 74.7 ஆகும்.

இக்கணக்கில் ஆயுளைவிடக் கவனிக்கத்தக்கது நிறை. எட்டு நாடுகளின் தொகுதியில் நூற்றுக்கு 74 பேர் இந்தியர். ஆறு நாடுகளின் தொகுதியில் அது 86ஐத் தாண்டுகிறது. இலங்கையின் பங்கு இரண்டிலும் இரண்டு வீதத்துக்கும் குறைவு. எனவே தென்னாசியச் சராசரியைவிட இலங்கை மேலானது என்று நம் அறிக்கைகளில் வழமையாக எழுதப்படும் வரி, பெரும்பாலும் இந்தியாவைவிட இலங்கை மேலானது என்பதையே சுற்றிவளைத்துச் சொல்கிறது. உலக வங்கியின் புதிய பட்டியலில் அந்தச் சுற்றும் குறைந்துவிட்டது. இந்தியாவோடு ஒப்பிடுவதில் குற்றமில்லை. ஆனால் அதை ஒரு பிராந்தியத்தோடு ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்வது வாசகரைத் திசைதிருப்பும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். எல்லா நிறுவனங்களும் எம் 49ஐயே பின்பற்றினால் குழப்பம் தீருமே என்பது முதலாவது. ஒப்பீட்டுக்கு அது உதவும்தான், ஐ.நா. முகவரகங்கள் பல ஏற்கெனவே அதையே கையாள்கின்றன. ஆனால் ஒரு வங்கி தன் கடன்களையும், ஒரு சுகாதார ஸ்தாபனம் தன் தடுப்பூசித் திட்டங்களையும் தன் அலுவலகப் பிரிவுகளின்படியே நடத்துகிறது. செலவுக்கும் பயனுக்கும் கணக்குக் காட்டும் அட்டவணை அந்தப் பிரிவுகளைப் பின்பற்றாவிட்டால் அது யாருடைய கணக்கு என்று சொல்ல முடியாது. மேலும் எம் 49ஏ நடுநிலையான அளவுகோல் என்று கொள்வதும் பொருந்தாது; அதன் தென்னாசியாவிலும் பத்தில் ஏழு பேர் இந்தியரே. ஒரே பட்டியலை எல்லோருக்கும் விதித்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். நிறையின் சிக்கல் அப்படியே இருக்கும்.

பிராந்தியச் சராசரிகளையே கைவிட்டு நாடுகளை மட்டும் பார்ப்போம் என்பது இரண்டாவது மறுப்பு. இது நேர்மையாகத் தோன்றினாலும் நாட்டுச் சராசரியும் இதே வகையான தொகுப்புத்தான் என்பதை மறக்கிறது. பன்வில பிரதேச செயலகப் பிரிவில் தேயிலைத் தோட்டங்களும் கிராமங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரையறையில் 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் வதியும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமலும் உள்ள இடமே தோட்டத்துறை. அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே போன சிறு தோட்டத்தின் லயம் கிராமியத் துறையில் எண்ணப்படும். மேலே போனால், 2012 குடிசன மதிப்பில் மத்திய மாகாணத்தின் 25.7 இலட்சம் பேரில் 13.8 இலட்சம் பேர் கண்டி மாவட்டத்தினர், 7.1 இலட்சம் பேரே நுவரெலியாவினர். மாகாணச் சராசரி கண்டிப் பக்கம் சாய்வதும் தென்னாசியச் சராசரி இந்தியப் பக்கம் சாய்வதும் ஒரே காரணத்தால்தான். தொகுக்காமல் புள்ளிவிபரம் இல்லை. தொகுதி எதற்காக வகுக்கப்பட்டதோ அதற்கு வெளியே அதை அளவுகோலாக்கும்போதுதான் பிழை நேர்கிறது. தவிரவும், சிறு நாடுகள் பலவற்றில் ஆண்டுதோறும் அளவீடு கிடைப்பதில்லை. அந்த இடைவெளிகளை நிரப்பித்தான் தொகுதி எண் உருவாகிறது. ஆகவே அது சில நேரங்களில் தனித்தனி நாடுகளின் வரிசையைவிட உறுதியாகவும் இருக்கும்.

ஆய்வாளர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அது கடினமும் அல்ல. பிராந்திய எண்ணை மேற்கோள் காட்டுமுன் வெளியீட்டின் பின்னிணைப்பில் உறுப்பு நாடுகளின் பட்டியலையும், நிறையிட்ட முறையையும், பதிப்பின் ஆண்டையும் பார்க்க வேண்டும். பத்து ஆண்டுகளின் போக்கை எழுதுவதானால் இரு பதிப்புகளின் பிராந்திய எண்களை அப்படியே பக்கத்தில் வைக்கக்கூடாது. ஒரே பட்டியலை நிலைநிறுத்தி, நாட்டு எண்களிலிருந்து சராசரியைத் தானே மீளக் கணிக்க வேண்டும். இதில் தந்திரமான ஒரு பொறி உண்டு. புதிய பட்டியலைப் பழைய ஆண்டுகளுக்கும் பொருத்தி வெளியிடும் தரவுத்தளத்தில் வரைகோடு எங்கும் முறியாமல் சீராக ஓடும். பழைய அச்சுப் பதிப்பில் 1990க்கு இருந்த எண்ணோடு ஒப்பிட்டால்தான் வேறுபாடு வெளிப்படும். ஒரே நிறுவனம், ஒரே சுட்டி, ஒரே ஆண்டு, இரண்டு எண்கள் என்றால் முதலில் ஐயப்படவேண்டியவற்றுள் உறுப்புப் பட்டியல் ஒன்று.

மலேரியாவில் இந்த எச்சரிக்கை விரைவிலேயே தேவைப்படும். 2025 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை இந்தோனேசியாவைத் தென்கிழக்காசியப் பிராந்தியத்திலிருந்து மேற்குப் பசுபிக்குக்கு மாற்ற ஒப்புதல் அளித்தது. இலங்கை நோயின்றி இருக்கும் அந்தப் பிராந்தியத்தில் மலேரியாச் சுமையின் மிகப் பெரும்பகுதியை அதுவரை இந்தியாவும் இந்தோனேசியாவுமே தாங்கிவந்தன. இனிவரும் அட்டவணைகளில் தென்கிழக்காசியாவின் மலேரியா எண்ணிக்கை இறங்கியும் மேற்குப் பசுபிக்கின் எண்ணிக்கை ஏறியும் காணப்பட்டால், அந்த இறக்கத்தில் நுளம்பு ஒழிப்பின் பங்கு எவ்வளவு என்பதை இந்தோனேசியாவை இரு ஆண்டுகளிலும் ஒரே பக்கத்தில் வைத்துக் கணித்த பிறகே சொல்ல முடியும்.