குழுப்பணியில் சகமாணவர் பங்களிப்பு மதிப்பீடு

குழுப்பணியில் சகமாணவர் பங்களிப்பு மதிப்பீடு என்பது, ஒரு குழு தன் பணியை வகுப்பின் முன் அளித்து முடித்த பின்னர், ஒவ்வொரு உறுப்பினரும் எவ்வளவு பங்களித்தார் என்பதை அக்குழுவினரிடமே வினவி, அவ்விடைகளைக் கொண்டு குழுவின் பொது மதிப்பெண்ணைத் தனி மதிப்பெண்களாகப் பிரிக்கும் முறை ஆகும். பணியின் தரத்தை ஆசிரியரே மதிப்பிடுகின்றார். அத்தரத்தை யார் உருவாக்கினர் என்பதை மட்டுமே சகமாணவர் கூறுகின்றனர். இவ்விரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன.

தேவை

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுச் செயற்திட்டம் பெரும்பாலும் குழுவாகவே செய்யப்படுகின்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, செயற்திட்ட அறிக்கைக்குக் குழுவிலுள்ள அனைவருக்கும் ஒரே மதிப்பெண்ணும், வாய்மொழித் தேர்வுக்கு அவரவர் விடைகளுக்கேற்பத் தனி மதிப்பெண்ணும் வழங்கப்பட்டன. தேர்வாளர் சில நிமிடங்களில் கேட்கும் வினாக்களே உழைத்தவரையும் உழைக்காதவரையும் பிரித்தறிய உதவும் முக்கிய வழியாக அமைந்தன.

இவ்வழியில் ஒரு குறை உண்டு. சரளமாகப் பேசுபவரே அதிகம் உழைத்தவராகத் தோன்றுவார். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ஓசூர் பகுதிகளில் இது தெளிவாகத் தெரியும். கருநாடக எல்லையை ஒட்டிய இப்பகுதியில் வீட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பர். பணியை அளிப்பதோ ஆங்கிலத்தில். வரைபடத்தையும் கணக்கீட்டையும் இரவெல்லாம் செய்த மாணவர் மேடையில் இரண்டு வரி பேசிவிட்டு நிற்க, ஆங்கிலம் நன்கு அறிந்தவர் அவ்வுழைப்பை விளக்கிப் பாராட்டுப் பெறுவது அரிதன்று. மேடையில் தெரியாத இவ்வுழைப்பைக் கண்டவர்கள் உடன் பணியாற்றியவர்கள் மட்டுமே. எனவே அவர்களைக் கேட்பதற்கு வலுவான காரணம் உள்ளது.

வினாக்களின் அமைப்பு

"இவர் நல்ல உறுப்பினரா?" என்ற வினாவுக்கு நட்பே விடையாகக் கிடைக்கும். கண்ணால் கண்ட செயலைக் கேட்கும் வினாவே பயன்தரும். கூட்டங்களுக்கு வந்தாரா, ஒப்புக்கொண்ட பகுதியைக் குறித்த நாளில் முடித்தாரா, பிறர் பகுதியில் பிழை கண்டு திருத்தினாரா, அறிக்கையின் எப்பகுதியை எழுதினார் என்பன இத்தகையவை. மூன்று அல்லது நான்கு வினாக்கள் போதும். பட்டியல் நீண்டால் மாணவர் படிக்காமலேயே ஒரே எண்ணை வரிசையாக நிரப்பிவிடுவர்.

ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 5 வரை புள்ளியிட்டு, அருகில் ஒரு வரி காரணம் எழுதச் சொல்வது வழக்கம். புள்ளியைவிட இந்த ஒரு வரியே பின்னர் ஆசிரியருக்கு அதிகம் உதவும். வினாக்கள் பணி தொடங்கும்போதே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறுதியில் திடீரெனக் கொடுத்தால் அது தண்டனைக் கருவியாகவே அமையும். விடைகள் அளிப்பு முடிந்தவுடன், குழு மதிப்பெண் வெளிவருமுன், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பெறப்படுகின்றன. மதிப்பெண் தெரிந்த பின் கேட்டால், விடைகளில் ஏமாற்றமும் பழியும் கலந்துவிடும்.

கணக்கிடும் முறை

பரவலாக அறியப்பட்ட முறை, ஸ்காட்லாந்தின் நேப்பியர் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த கோல்ட்பிஞ்ச், ரேசைட் ஆகியோர் 1990 இல் வெளியிட்ட கட்டுரையின் வழிவந்தது. இங்கிலாந்தின் லப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவாகிப் பின்னர் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்ட வெப்-பி.ஏ. இதன் ஒரு வடிவத்தையே பயன்படுத்துகின்றது. மென்பொருள் இன்றி ஒரு விரிதாளிலும் இதனைச் செய்யலாம்.

விளக்கத்திற்காக அ, ஆ, இ, ஈ என்ற நால்வர் குழு ஒன்றைக் கொள்வோம். ஆசிரியர் குழுவுக்கு 70 மதிப்பெண் அளித்துள்ளார். ஒவ்வொருவரும் தம்மையும் சேர்த்து நால்வருக்கும் புள்ளியிடுகின்றனர்.

| புள்ளியிட்டவர் | அ | ஆ | இ | ஈ | கூட்டு |
|---|---|---|---|---|---|
| அ | 3 | 3 | 3 | 1 | 10 |
| ஆ | 5 | 5 | 5 | 5 | 20 |
| இ | 2 | 3 | 4 | 1 | 10 |
| ஈ | 2 | 2 | 3 | 3 | 10 |

ஆ தாராளமானவர், மற்றவர்கள் சிக்கனமானவர்கள். புள்ளிகளை அப்படியே கூட்டினால் ஆவின் கருத்துக்கு இரு மடங்கு எடை கிடைத்துவிடும். ஆகவே ஒருவர் இட்ட ஒவ்வொரு புள்ளியையும் அவர் இட்ட மொத்தத்தால் வகுக்க வேண்டும். அ இட்டவை 0.3, 0.3, 0.3, 0.1 என்றாகும், ஆ இட்டவை அனைத்தும் 0.25 ஆகும். இவ்வாறு ஒவ்வொருவரும் பங்கிடும் மொத்தம் 1 ஆகிவிடுகின்றது. பின்னர் ஒவ்வொருவரும் பெற்றதைக் கூட்டினால் கிடைக்கும் காரணி அ 0.95, ஆ 1.05, இ 1.25, ஈ 0.75 ஆகும். இதனை 70 ஆல் பெருக்கினால் தனி மதிப்பெண்கள் முறையே 66.5, 73.5, 87.5, 52.5.

இவ்வேறுபாடு மிகையெனக் கருதும் ஆசிரியர்கள் மதிப்பெண்ணில் பாதியைப் பொதுவாக வைத்து, மறுபாதியை மட்டும் காரணியால் பெருக்குவர். அப்போது இ 78.75 உம் ஈ 61.25 உம் பெறுவர். புதிதாகத் தொடங்கும் வகுப்புக்கு இதுவே பொருத்தமானது எனலாம்.

ஒருவர் படிவத்தையே தராவிட்டால் மொத்தம் 4 இலிருந்து 3 ஆகக் குறையும். அதனைச் சரிசெய்ய, எல்லாக் காரணிகளையும் 4/3 ஆல் பெருக்க வேண்டும். மேற்கண்ட குழுவில் ஈ படிவம் தராதிருந்தால் அவருடைய காரணி 0.6 ஆகி, மதிப்பெண் 52.5 இலிருந்து 42 ஆகக் குறைந்திருக்கும். தமக்குத் தாமே இட்ட 3 புள்ளிகளே அவரைத் தாங்கியிருந்தன என்பது இதனால் புலப்படுகின்றது. இக்காரணத்தால் சில ஆசிரியர்கள் தற்புள்ளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாணவர் தம்மைப் பற்றிக் கொண்ட எண்ணத்தை அறிய மட்டும் அதனைப் பெறுகின்றனர்.

முறை தவறும் இடங்கள்

மிகப் பரவலான தவறு ஒப்பந்தம். "எல்லோருக்கும் ஐந்து" என்று முன்னரே பேசிக்கொண்டால் எல்லாக் காரணிகளும் 1 ஆகி, முறை ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். சமமாக உழைத்த குழுவும் இதே விடையைத் தரும் என்பதால், எண்களைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. காரண வரிகள் வெறுமையாகவோ ஒரே சொற்களிலோ இருந்தால் ஐயுறலாம்.

இதைவிடக் கடுமையானது மூவர் சேர்ந்து ஒருவரைத் தாழ்த்துவது. சாதி, மொழி, விடுதி, ஊர் எனப் பிளவுகள் உள்ள வகுப்பில் இது கற்பனையன்று. மூவர் ஒருவருக்கு 0 அல்லது 1 இட்டிருக்க, அவர் தமக்கு உயர்ந்த புள்ளி இட்டிருந்தால், அது உண்மையான சோம்பலாகவும் இருக்கலாம், விலக்கிவைப்பாகவும் இருக்கலாம். இங்குச் சராசரியை நம்பக்கூடாது. கையெழுத்து வரைவுகள், கோப்புகளின் தேதிகள், கூட்டக் குறிப்பு ஆகியவற்றைப் பார்த்து, அவரிடம் அவர் செய்த பகுதி பற்றி அவருக்கு எளிதான மொழியில் இரண்டு வினாக்கள் கேட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். காரணி 0.7 க்குக் கீழ் அல்லது 1.3 க்கு மேல் வந்தால் ஆசிரியர் நேரில் விசாரிப்பார் என முன்னரே அறிவித்துவிடுவது நல்லது. இவ்வெல்லை வசதிக்காகக் கொள்ளப்படுவதே. அதற்குக் கணித அடிப்படை ஏதுமில்லை.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. நால்வர் குழுவில் தம் காரணியை அறிந்த மாணவர், குறைத்தவர் யார் என்பதை எளிதில் ஊகித்துவிடுவார். இருவர் குழுவுக்கோ இம்முறை பொருந்தாது. அங்கு ஒருவர் சொல்லுக்கு எதிராக மற்றவர் சொல் மட்டுமே நிற்கும்.

மேலும், இக்காரணி குழுவுக்குள் மட்டுமே ஒப்பிடுகின்றது. நால்வரும் கடுமையாக உழைத்த குழுவில் சராசரி உறுப்பினர் 1 பெறுவார். நால்வரும் சோம்பியிருந்த குழுவிலும் சராசரி உறுப்பினர் 1 தான் பெறுவார். ஆகவே ஒரு குழுவின் 1.1 ஐ மற்றொரு குழுவின் 0.9 உடன் ஒப்பிட்டு, முன்னவரே சிறந்த மாணவர் எனக் கொள்ள இயலாது.