அரபுத் தமிழ்க் கடிதத்திலிருந்து வொய்ஸ் வரை: நம்மூர் ஸலாம் வந்த வழி

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு உறவுகளே,

நம் குடும்பக் குரூப்புகளில் அடிக்கடி ஒரு பேச்சு வருகிறது. மூத்தம்மாமார் ஸலாம் சொல்வதற்கே ஒரு வொய்ஸ் போடுகிறார்கள். பிள்ளைகள் 'Slm' என்று மூன்று எழுத்தைத் தட்டிவிட்டு விசயத்துக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்களுக்கு எழுத வராது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நமது கரையோரத்தில் ஸலாம் எப்படி எழுதப்பட்டு வந்தது என்று பார்த்தால் இரண்டு பேச்சும் சரியில்லை என்று தெரியும்.

முதலில் கடிதக் காலம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று எங்கும் ஒரு பிள்ளை முதலில் படித்த எழுத்து அரபுதான். பள்ளிக்கூடம் போகாத பெண்பிள்ளைகளும் லெப்பையிடம் குர்ஆன் ஓதினார்கள். அந்த எழுத்தைக் கொண்டே தமிழையும் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு, இருக்கிற எழுத்துகளில் புள்ளி கூட்டிப் புது எழுத்து ஆக்கிக்கொண்டார்கள். இதுதான் அரபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் இதில் மார்க்க நூல்களே எழுதினார்கள். இலங்கையிலும் அவை ஓதப்பட்டன.

இந்த எழுத்தில் கடிதம் எழுதியவருக்கு ஸலாம் ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. வலப்பக்கத்திலிருந்து ஸலாத்தை அரபியில் உள்ளபடியே எழுதி, அதே வரியில் தமிழுக்குள் போய்விடலாம். ஸீன் ஸீனாகவே இருந்தது. ஐன் ஐனாகவே இருந்தது. எழுதியதைப் பார்த்தால் ஓதவேண்டிய ஓசை தெரிந்தது.

பிறகு தமிழ்மொழிப் பாடசாலைகள் பெருகின. பேரப்பிள்ளைகள் தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். நமக்கு அதனால் கிடைத்த நன்மை பெரியது. ஆனால் ஸலாத்துக்கு ஒரு சிக்கல் வந்தது. அரபியின் ஸே, ஸீன், ஸாத் மூன்றுக்கும் தமிழில் 'ஸ' ஒன்றுதான். 'அஸ்ஸலாமு' என்பதன் முதல் எழுத்து அலிஃப், 'அலைக்கும்' என்பதன் முதல் எழுத்து ஐன். தமிழில் இரண்டும் 'அ'. சில ஓசைகளுக்கு நமது எழுத்தாளர்கள் வழி கண்டார்கள். 'ரமழான்', 'வுழூ', 'காழி' என்று நாம் 'ழ' போடுவது அங்கேயுள்ள அரபு எழுத்தைப் பிரித்துக் காட்டத்தான். ஆனால் ஐனுக்கு அப்படி ஒரு வழி அமையவில்லை.

இதன் விளைவைப் பதில் ஸலாத்தில் பார்க்கலாம். சரியாக எழுதினால் 'வஅலைக்குமுஸ்ஸலாம்'. தமிழில் உயிரெழுத்து சொல்லின் நடுவே வருவது வழக்கமில்லை. 'வஅ' என்பது கண்ணுக்கு உறுத்தும். ஆகவே கை அதைத் தானாகவே 'வலைக்கும்' என்று ஒழுங்காக்கிவிடுகிறது. ஐன் இருந்த இடமே காணாமல் போகிறது. எழுதியதைப் பார்த்துச் சொல்லப் பழகிய பிள்ளை அப்படியேதான் சொல்லும்.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நம்மவர்கள் சவூதி, குவைத், கட்டார் என்று போகத் தொடங்கினார்கள். அப்போது வந்தது கசட். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். வீட்டார் ரேடியோவைச் சுற்றி இருந்து கேட்பார்கள், மறுபக்கத்தில் தங்கள் பதிலைப் பதிந்து அனுப்புவார்கள். அரபுத் தமிழ் மட்டும் தெரிந்த மூத்தம்மாவுக்கு, தமிழ் மட்டும் எழுதும் மகனோடு நடுவில் ஆளில்லாமல் பேச இது ஒரு வாசல். இன்றைய வொய்ஸுக்கு மூத்த ராத்தா இந்தக் கசட்தான்.

அடுத்து கைத்தொலைபேசி. இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் ஓர் எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழிலோ அரபியிலோ அடித்தால் 70 தான். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே எண்ணப்படும். இந்தப் பதிவின் முதல் வரியிலுள்ள முழு ஸலாத்தையும் தமிழில் அடித்தால், இடைவெளியோடு 44 போய்விடும். விசயம் சொல்ல மிச்சம் 26. அரபியிலேயே அடித்தாலும் 31 போகும். அதற்கு மேல் அந்தக் காலத்துப் போன்கள் பலவற்றில் இந்த எழுத்துகளே இல்லை. 'AsA', 'Slm' எல்லாம் பரவியதற்கு இந்த நெருக்கடி ஒரு பெரிய காரணம். மரியாதைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இன்று அந்த எல்லை இல்லை, ஆனால் பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

2013 ஆகஸ்டில் வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பொத்தானை அழுத்திப் பேசி விட்டால் போதும். மூத்தம்மாவின் ஐன் மறுபடியும் குடும்பத்துக்குள் வந்தது. எழுத்தில் தொலைந்த ஓசையைப் பேரப்பிள்ளை காதால் பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் குரல் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. அவசரத்தில் 'ஸலாமு' என்பதன் லாம் விழுங்கப்பட்டு 'அஸ்ஸாமு அலைக்கும்' ஆகிவிடுகிறது. 'ஸாம்' என்றால் மரணம். மதீனாவில் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டுமென்றே அப்படிச் சொன்னதும், ஆயிஷா நாயகி கோபப்பட்டதும், நபியவர்கள் 'வஅலைக்கும்' என்று மட்டும் பதில் சொன்னதும் புகாரியில் உண்டு. நம்மவர் நாக்குத் தவறிச் சொல்வது வேறு விசயம், நோக்கம் ஸலாம்தான். ஆனாலும் திருத்துவது லேசு. உங்கள் வொய்ஸை ஒருதரம் போட்டுக் கேளுங்கள். ஸாவுக்கும் மாவுக்கும் நடுவே 'லா' நீளமாகக் கேட்கிறதா? கேட்டால் சரி. 2021இல் வந்த இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்காதீர்கள். அதில் ஒழுங்காகச் சொன்ன நீட்டலும் குறுகிவிடும்.

எழுத்துக்கும் தனி இடம் உண்டு. வகுப்பில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு வொய்ஸ் கேட்க முடியாது. ஒரு பார்வையில் வாசித்துவிடலாம். பதில் சொல்லும் கடமையும் எழுத்துக்கு உண்டு. கடிதத்தில் வந்த ஸலாத்துக்கும், ஒருவர் மூலம் எத்திவைக்கப்பட்ட ஸலாத்துக்கும் உடனே பதில் சொல்வது கடமை என்று நமது ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ எழுதியிருக்கிறார்கள். ஆகவே 'எழுத்தில்தானே வந்தது' என்று விட்டுவிட இடமில்லை. வொய்ஸில் வந்ததற்கு விபரம் கேட்பவர்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் கவலை வேறொன்று. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. கரையோர வீடுகளோடு அலுமாரிகளும் போயின. அலுமாரிகளில் இருந்த அரபுத் தமிழ்க் கடிதங்களும் கசட்டுகளும் போயின. மிஞ்சியது கொஞ்சம். வொய்ஸும் அப்படித்தான். போன் பழுதானால், இடம் போதாதென்று அழித்தால், அந்தக் குரலும் போய்விடும்.

ஆகவே பிள்ளைகளே, எழுதும்போது ஸலாத்தை முழுதாக எழுதுங்கள், இப்போது 70இன் நெருக்கடி இல்லை. உம்மம்மா போட்ட ஸலாம் வொய்ஸ் ஒன்றையாவது போனிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் சேமித்து வையுங்கள். யார் வீட்டிலாவது அரபுத் தமிழ்க் கடிதமோ பழைய கசட்டோ மிச்சம் இருந்தால் கீழே சொல்லுங்கள். கசட் நாடா பூஞ்சணம் பிடிக்குமுன் பிரதி எடுத்துவிட வேண்டும். வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கும்போதே அந்தக் கடிதங்களை வாசித்து வைத்துக்கொள்வோம்.

வஸ்ஸலாம்.