வடையைக் காலடியில் வைத்த காகம்

பாட்டி வடை சுட்ட கதை தமிழ்க் குழந்தைகள் முதலில் கேட்கும் கதைகளுள் ஒன்று. பாட்டி சுட்ட வடையைக் காகம் திருடி மரத்தில் அமர்கிறது. நரி அதன் குரலைப் புகழ்ந்து பாடச் சொல்கிறது. காகம் வாயைத் திறக்க, வடை விழுகிறது. நரி கவ்விக்கொண்டு ஓடுகிறது. இதற்கு இன்னொரு முடிவும் வாய்மொழியாக வழங்குகிறது. அதில் காகம் வடையைக் காலடியில் வைத்து அழுத்திக்கொண்டு, "கா, கா" என்று பாடிவிட்டு, மறுபடி வாயில் எடுத்துக்கொள்கிறது. ஏமாந்தது நரி.

கதையின் பழைய ஐரோப்பிய வடிவம் ஈசாப்பின் பெயரில் வழங்குவது. பொ.ஊ. முதல் நூற்றாண்டில் ஃபீட்ரசு அதை இலத்தீனில் பாடியபோதே காகம் திருட்டுக் காகம்தான். பாலாடைக்கட்டியை ஒரு சன்னலிலிருந்து எடுத்து வருகிறது. ஆனால் அந்தச் சன்னலுக்கு உரியவர் யார் என்று கதை கேட்பதில்லை. தமிழில் பாலாடைக்கட்டி வடையானது சிறிய மாற்றம். அடுப்போடும் எண்ணெய்ச் சட்டியோடும் பாட்டி வந்து உட்கார்ந்ததுதான் பெரிய மாற்றம். முகத்துதிக்கு மயங்காதே என்ற ஒரே நீதியோடு, திருடிய பொருள் நிலைக்காது என்ற இரண்டாவது நீதியும் அவளால்தான் சேர்ந்தது. காலடி முடிவு இந்த இரண்டையும் ஒருசேரக் கவிழ்க்கிறது. புகழ்ச்சியைக் கேட்டு மகிழ்ந்த காகமும் தோற்கவில்லை, திருடிய வடையும் கைவிட்டுப் போகவில்லை.

நீதி கவிழ்வது புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை. பாலி மொழியின் ஜாதகக் கதைகளில் 294ஆவதான ஜம்புகாதக ஜாதகம் இதே சூழலில் தொடங்கி வேறு திசையில் போகிறது. நாவல் மரத்தில் காகம் பழம் தின்கிறது. கீழே வந்த நரி, இளமயில் போன்ற குரல் என்று அதைப் புகழ்கிறது. காகம் ஏமாறவில்லை; அதுவும் நரியைப் பதிலுக்குப் புகழ்ந்து, கிளையை உலுக்கிப் பழங்களைத் தானாகவே உதிர்க்கிறது. இரண்டும் சேர்ந்து தின்னும்போது, பொறுக்கமாட்டாத மரத்தேவதை இரண்டையும் விரட்டிவிடுகிறது. ஒருவரை ஒருவர் புகழ்ந்து ஊரில் உணவு பெற்றுவந்த தேவதத்தனையும் கோகாலிகனையும் குறித்துச் சொல்லப்பட்டதாக இக்கதை அமைந்திருக்கிறது. ஏமாற்றுபவன், ஏமாறுபவன் என்ற பிரிவே அதில் இல்லை. இருவரும் கூட்டாளிகள்.

அடுத்த கதையான 295இல் இடம் மாறுகிறது. செத்த எருதை நரி தின்ன, காகம் அதைப் புகழ்கிறது. இப்போது பார்த்துக்கொண்டிருப்பது ஆமணக்குச் செடியில் குடியிருக்கும் தேவதை. விலங்குகளில் கடை நரி, பறவைகளில் கடை காகம், மரங்களில் கடை ஆமணக்கு, மூன்றும் ஓரிடத்தில் கூடின என்று அது சொல்கிறது. அறிவுரை சொல்ல வந்தவர் தம் வீட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் இந்த இடம், என் கணிப்பில், பிற்கால வேடிக்கை முடிவுகள் பலவற்றைவிட நல்ல நகைச்சுவை.

ஐரோப்பாவிலும் முடிவைத் திருப்பியவர்கள் உண்டு. 1759இல் லெஸ்ஸிங் எழுதிய ஜெர்மன் வடிவில், காகம் கொண்டுவந்தது அண்டைவீட்டுப் பூனைகளுக்காகத் தோட்டக்காரன் வைத்த நஞ்சிறைச்சி. நரி புகழ்ந்து அதைப் பெற்றுத் தின்று சாகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் 1956இல் வெளியிட்ட தொகுப்பில் காகம் பாலாடைக்கட்டியை வாயிலிருந்து காலுக்கு மாற்றிவிட்டுப் பேசத் தொடங்குகிறது. பேச்சு முழுவதும் தற்புகழ்ச்சி. நம் காலடி முடிவும் இதுவும் ஒன்றிலிருந்து ஒன்று வந்திருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. கதையின் ஓட்டை ஒன்றே. கவனிப்பவர் எங்கும் அதைக் கண்டுபிடிப்பர்.

அந்த ஓட்டை காகத்தின் கால். பழைய கதை நடக்க வேண்டுமானால் காகத்துக்கு வாய் மட்டுமே இருக்க வேண்டும். பிடிப்பதும் பாடுவதும் அந்த ஒரே உறுப்பின் வேலை என்பதால்தான் வடை விழுகிறது. ஆனால் மதிற்சுவரில் இருக்கும் காகத்தைப் பாருங்கள். பெரிய துண்டு கிடைத்தால் அதைக் காலால் மிதித்துக்கொண்டு அலகால் கிழித்துத்தான் தின்னும். ஆகவே வேடிக்கைக்காகச் சொன்ன முடிவே உண்மைக் காகத்துக்கு நெருக்கமானது.

சிலர் கதையை இன்னும் நீட்டுவர். தோற்ற நரி ஆடச் சொல்கிறது. காகம் வடையை வாயில் எடுத்துக்கொண்டு ஆடுகிறது. பிறகு ஆடிக்கொண்டே பாடச் சொல்கிறது. வாயும் காலும் ஒரே நேரத்தில் வேலையில் இருப்பதால் இப்போது வடை எங்கே போகும் என்பதைச் சொல்பவர் தம் விருப்பப்படி முடிப்பார். நரிக்குக் கொடுப்பவர் உண்டு. களைத்துவிட்டேன் என்று காகம் வடையை விழுங்கிவிடுவதாக முடிப்பவரும் உண்டு. இத்தனை முடிவுகளில் எதிலும் வடை பாட்டியிடம் திரும்புவதில்லை.