பலாக்கொட்டையை எப்படி வேகவைப்பது? பழுப்புத் தோலை உரிக்கணுமா?

பண்ருட்டி பலா சீசனில் சுளை தீர்ந்ததும் மிஞ்சுவது கொட்டைதான். அதைக் கழுவி ஓரிரு நாள் காயவைத்தால், மேலே இருக்கும் வெள்ளைத் தோல் காகிதம் மாதிரி கையிலேயே உரிந்துவிடும். ஈரத்தோடு உரிக்கப் போனால் நகம்தான் வலிக்கும்.

உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைப் பலர் கத்தியால் சுரண்டி எடுக்கிறார்கள். அது தேவையே இல்லை. அதில் இருப்பது நார்ச்சத்து.

கொட்டையை இரண்டாக நறுக்கி, உப்புப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, குக்கரில் 3 அல்லது 4 விசில் விடுங்கள். விரலால் அழுத்தினால் உருளைக்கிழங்கு மாதிரி உடையணும். நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னொரு விசில். பிறகு பொரியல், சாம்பார், முருங்கைக்கீரை எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். அடுப்பில் சுடுவதானால் முழுசாகப் போடாமல் லேசாகக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.

பச்சையாகச் சாப்பிடக் கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் ஒரு பொருள் அதில் இருக்கிறது. வேகவைத்தால் அதன் வீரியம் போய்விடும்.

100 கிராம் கொட்டையில் சுமார் 6 கிராம் புரதம். உருளைக்கிழங்கில் 2 கிராம்தான். ஆனால் கொட்டையில் அதிகம் இருப்பது மாவுச்சத்து, அதனால் சர்க்கரை நோயாளிகள் சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடணும். அந்த மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடலில் போய்ப் புளிப்பதால்தான் வாயு வருகிறது. முதல் தடவை என்றால் ஐந்தாறு கொட்டை போதும்.