கிளுவை வேலிக்குள்ள ஒரு வருஷம்: காங்கயத்துக் கொறங்காட்டின் கதை

திருப்பூர்னா நமக்கெல்லாம் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நொய்யல் இவ்வளவுதான் ஞாபகத்துக்கு வரும். அங்கிருந்து கிழக்கே காங்கயம் ரோட்டுல ஒரு முக்கால் மணி நேரம் போனா, ரெண்டு பக்கமும் முள்வேலி போட்ட காடுகள் வர ஆரம்பிக்கும். உள்ளே நெல்லும் இருக்காது, வாழையும் இருக்காது. காய்ஞ்ச புல், நடுநடுவே வெள்ளை வெள்ளையா தண்டு தெரியுற வெள்வேல மரம், அவ்வளவுதான். சும்மா கிடக்கிற நிலம்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். அதுக்குப் பேரு கொறங்காடு. யாரோ வேணும்னே உண்டாக்கின மேய்ச்சல் நிலம் அது.

நம்ம ஊர்ல மேய்ச்சல் நிலம்னா பெரும்பாலும் புறம்போக்கு, ஊருக்குப் பொது. கொறங்காடு அப்படியில்ல. அது பட்டா நிலம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கத்து விவசாயிங்க மழை கம்மியான மேட்டு நிலத்தைப் புல்லுக்குன்னே ஒதுக்கி வச்சாங்க. சில ஏக்கருக்கு ஒரு துண்டாப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் சுத்தி முள்கிளுவைக் குச்சியை ஊனி உயிர்வேலி வளர்த்தாங்க. உள்ளே கொழுக்கட்டைப்புல். காங்கயம் காளையை வளர்த்தது இந்தப் புல்தான். 1953-ல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புக்காக ஜோஷியும் ஃபிலிப்ஸும் எழுதின இந்திய, பாகிஸ்தான் மாட்டினங்கள் பத்தின புத்தகத்துல, காங்கயம் மாட்டைப் பத்திச் சொல்லும்போது இந்த வேலி போட்ட மேய்ச்சல் காடுகளையும் சொல்லியிருக்காங்க.

வேலி எதுக்கு? மாடு வெளியே போகாம இருக்கன்னு சொல்லுவோம். பாதி பதில்தான் அது. ஒரு துண்டுல மாடு மேயும்போது மத்த துண்டுகள் பூட்டிக் கிடக்கும். புல்லுக்கு ஓய்வு கொடுக்கிற ஏற்பாடுதான் அந்த வேலி.

ஓய்வு ஏன் வேணும்? கொழுக்கட்டைப்புல் பல வருஷம் வாழுற புல். மாடு கடிச்சதும் அடித்தண்டுலயும் வேர்லயும் சேர்த்து வச்ச சத்தை எடுத்துத்தான் திரும்பத் துளிர்க்கும். துளிர்த்த இலை வளர்ந்தாதான் அந்தச் சேமிப்பு மறுபடி நிரம்பும். அது நிரம்புறதுக்குள்ள ஆடு வந்து திரும்பத் திரும்பக் கடிச்சா, வேர் சுருங்கிடும். மேலே பார்த்தா தூர் இருக்கும், அடுத்த கோடையில செத்திருக்கும். அந்த இடத்தை மாடு தொடாத செடிங்க பிடிக்கும். எருக்கு, ஆவாரை, பார்த்தீனியம், அப்புறம் சீமைக்கருவேலம்.

திருப்பூர் இங்கதான் கதைக்குள்ள வருது. 1980-களுக்கு அப்புறம் ஏற்றுமதி பெருகப் பெருக, கிராமத்துப் பிள்ளைங்க பஸ் ஏறி கம்பெனிக்குப் போனாங்க. மாடு மேய்க்க ஆள் இல்ல, காட்டை வருஷக் குத்தகைக்கு விட்டுட்டாங்க. வருஷக் குத்தகை எடுத்தவருக்கு அடுத்த வருஷப் புல்லைப் பத்தி என்ன கவலை? இருக்கிறதை முழுசா மேய்ச்சுட்டுப் போவாரு. அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, ஒப்பந்தமே அப்படித்தான்.

மூலனூர் பக்கம் இப்படிப் போன ஒரு நாலு ஏக்கர் காட்டை, அதோட சொந்தக்காரர் திரும்பக் கொண்டு வந்ததைப் பார்த்தேன். கம்பெனியில செக்கிங் வேலை பார்த்துட்டு ஊருக்குத் திரும்பினவர். "ஏனுங்க தம்பி, விதை வாங்கிப் போட்டாப் போதும்னு நினைச்சேனுங்க. முதல் செலவே வேலிக்குத்தானுங்க"ன்னார். வேலியில ஓட்டை இருந்தா பக்கத்து ஆடு வரும், ஓய்வுங்கிற பேச்சே இல்ல. மழைக்கு முன்னாடி கிளுவைக் குச்சி வெட்டி இடைவெளியெல்லாம் ஊனினார். அது பிடிக்கிற வரைக்கும் முள் வெட்டி அடைச்சார்.

அடுத்து, எங்கே விதைக்கணும், எங்கே விதைக்க வேண்டாம்னு பார்க்கணும். அவர் காட்டைக் குறுக்கே நடந்தார். ரெண்டு மூணு எட்டுக்கு ஒரு உயிருள்ள தூர் தட்டுப்பட்ட இடத்துல உழவே இல்ல. அங்கே ஓய்வு மட்டும் போதும், மிச்சமிருக்கிற புல்லே விதை உதிர்த்துப் பரவிக்கும். உழுதா இருக்கிற தூரும் போயிடும். பாதிக் காடு, ரெண்டு ஏக்கர், வெறும் இறுகின மண். அதை மட்டும் விதைப்புக்கு எடுத்தார்.

களையில சீமைக்கருவேலம்தான் பெரிய தலைவலி. மேலாக வெட்டினா அடியிலிருந்து நாலு கிளையா வரும். மண்ணுக்குக் கீழே, முளைவிடுற அடிக்கட்டையோட தோண்டி எடுக்கணும். இன்னொரு விஷயம் எனக்குப் புதுசா இருந்தது. ஆடு மாடு இதோட காயைத் தின்னும், விதை செரிக்காம சாணியோட, புழுக்கையோட வந்து முளைக்கும். அதனால காயைத் தின்ன மந்தையை நேரா உள்ளே விட்டா, பிடுங்கினதெல்லாம் வீண். பார்த்தீனியத்தைப் பூக்குறதுக்கு முன்னாடி, மண் ஈரமா இருக்கும்போது கையுறை போட்டுப் பிடுங்கணும். சித்திரை மழைக்கு முளைச்சதை ஒரு தடவை, ஆடிக்கு அப்புறம் இன்னொரு தடவை பிடுங்கினாங்க.

விதைப்பு புரட்டாசி, ஐப்பசி மழையில. மூணு வரிசை கொழுக்கட்டைப்புல், ஒரு வரிசை முயல் மசால். முயல் மசால் பயறு வகைச் செடி. வேர் முடிச்சுல காத்துத் தழைச்சத்தைப் பிடிக்கும், மாட்டுக்குப் புரதமும் கொடுக்கும். ரெண்டு ஏக்கருக்குப் புல் விதை அஞ்சு கிலோ, முயல் மசால் ஒன்றரை கிலோ. முதல் வருஷமே தரையை மூட இடையில கொஞ்சம் நரிப்பயறு.

விதையில ரெண்டு சிக்கல். முயல் மசால் விதைத்தோல் கல்லு மாதிரி. 80 டிகிரி வெந்நீர்ல நாலு நிமிஷம் போட்டு, ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணியில ஊற வைக்கணும். கொழுக்கட்டை விதை அதுக்கு நேரெதிர். அறுத்த உடனே போட்டா தூக்கத்துல இருக்கும், சரியா முளைக்காது. சில மாசம் பழசான விதைதான் வேணும். பஞ்சு மாதிரி இருக்கிறதால காத்துல பறக்கும், ஈர மணல்ல கலந்து தூவணும். ரொம்ப ஆழமாப் புதைஞ்சா மேலே வராது. முள்கிளையை இழுத்து லேசா மூடினாப் போதும்.

அவருக்கும் ஒரு அடி விழுந்தது. முதல் மழைக்கு முளைச்சதுல ஒரு பகுதி, அப்புறம் மழை இடைவெளி விட்டதுல கருகிப் போச்சு. நல்லவேளையா கொஞ்சம் விதையை மிச்சம் வச்சிருந்தார், அடுத்த மழையில மறுபடி தூவினார்.

அந்த வருஷம் முழுக்க மாட்டை உள்ளே விடல. புல் பூத்து, விதை கொட்டுற வரைக்கும் படல் சாத்தியே இருந்தது. அந்த நாள்களுக்குச் சோளத்தட்டு வாங்கித்தான் போட்டார். உண்மையான செலவு அதுதான். இன்னொரு துண்டுக் காடு இல்லாதவரால இதைத் தாங்க முடியுமான்னு தெரியல. பழைய கொறங்காட்டுக்காரங்க நாலஞ்சு துண்டா வச்சிருந்ததுக்குக் காரணம் அப்பத்தான் எனக்கு உறைச்சது.

ஒரு வேடிக்கை. இதே கொழுக்கட்டைப்புல்லுக்கு அமெரிக்காவுல பஃபல் புல்னு பேரு. அரிசோனா பாலைவனத்துல அது ஒரு களை. காய்ஞ்சு நின்னு தீயைப் பரப்புது, அங்கே இருக்கிற கள்ளிச்செடிங்க எரிஞ்சு போகுதுன்னு தன்னார்வலர்கள் கூட்டமா வந்து பிடுங்குறாங்க. மூலனூர்ல ஒருத்தர் விதையைக் கையில எண்ணாத குறையா தூவிட்டிருக்கார்.

ரெண்டாவது வருஷம் மழைக்கு அப்புறம் படலைத் திறந்தார். நாலு மாடு மட்டும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். புல் ஒரு சாண் உயரத்துக்கு இறங்கினதும் வெளியே ஓட்டிட்டு மறுபடி சாத்திட்டார். குத்தகைக்குக் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்களாம். "மூணு வருஷத்துக்கு எழுதுறதா இருந்தா பேசலாம்னு சொல்லிட்டேனுங்க"ன்னார்.