புகையை விட மனமில்லாதவருக்கான குறுந்தலையீடும் பதிவும்

புகைப்பதை நிறுத்த விரும்பாதவரிடம் மருத்துவரோ செவிலியரோ சில நிமிடங்கள் பேசி, அதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் முறை இது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் 2008 வழிகாட்டி இதற்கு ஐந்து படிகளைத் தருகிறது: அவருக்கே பொருந்தும் காரணம், தீங்கு, நன்மை, தடை, ஒவ்வொரு வருகையிலும் மீண்டும் பேசுதல்.

நாளுக்கு 15 பீடி பிடிக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர் இருமலுக்காக வருகிறார் என்று கொள்வோம். "விடச் சொல்லி வற்புறுத்தலண்ணே. பீடியை விடறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10க்குள்ள சொல்லுங்க" என்கிறார் செவிலியர். "மூணு." "ஏன் 0 சொல்லல?" "பேத்தி பக்கத்துல வரமாட்டேங்குது." ஏன் 10 இல்லை என்று கேட்டிருந்தால், விட முடியாததற்கான சாக்குகளே வந்திருக்கும். கீழ்நோக்கிக் கேட்டதால் விடுவதற்கான காரணத்தை அவரே சொல்லிவிட்டார்.

குறிப்பு இப்படி அமையலாம்: "பீடி 15/நாள், எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி. இருமலோடு தொடர்புபடுத்தித் தெளிவாக அறிவுரை தரப்பட்டது. இப்போது விட விருப்பமில்லை, முக்கியத்துவம் 3/10. காரணம்: பேத்தி. தடை: இரவு ஓட்டத்தில் தூக்கம். பேசியது 4 நிமிடம். அடுத்த வருகையில் மீண்டும் கேட்க."

"அறிவுரை கூறப்பட்டது, மறுத்தார்" என்று மட்டும் எழுதுவது பயனற்றது. அடுத்து பார்ப்பவருக்குப் பேத்தியும் தெரியாது, இரவு ஓட்டமும் தெரியாது. பேச்சு முதலிலிருந்து தொடங்கும். மனம் மாறினால் அழைக்க, இந்தியாவின் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356ஐ நோயாளிக்கு எழுதிக் கொடுக்கலாம்.