ஏ.பி.சி. பகுப்பாய்வு

ஏ.பி.சி. பகுப்பாய்வு என்பது கிடங்கில் உள்ள பொருள்களை, அவற்றின் ஆண்டுப் பயன்பாட்டு மதிப்பை வைத்து ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கும் சரக்கிருப்பு மேலாண்மை முறை. மொத்தச் செலவில் பெரும்பகுதியை விழுங்கும் சில பொருள்கள் ஏ வகுப்பிலும், மிகச் சிறிய பகுதியே கொண்ட பல பொருள்கள் சி வகுப்பிலும், இடைப்பட்டவை பி வகுப்பிலும் சேரும். தொழிற்சாலை உதிரிபாகக் கிடங்கு முதல் மருத்துவமனை மருந்துக் கிடங்கு வரை இது கையாளப்படுகிறது. இக்கட்டுரை மருந்துக் கிடங்கை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

தோற்றம்

வருமானம் மக்களிடையே சமமாகப் பரவாமல் சிலரிடம் குவிவதை இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரெடோ பரேட்டோ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணித வடிவில் விளக்கினார். கிடங்குப் பொருள்களின் மதிப்பிலும் இதே குவிவு காணப்படுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எச். ஃபோர்டு டிக்கி 1951இல் எழுதிய கட்டுரை, பொருள்களை ஏ, பி, சி எனப் பிரித்து நிர்வகிக்கும் முறையைப் பரவலாக அறியச் செய்தது.

கணக்கிடும் முறை

ஒவ்வொரு பொருளும் ஓராண்டில் எவ்வளவு செலவானது என்பதை அதன் அலகு விலையால் பெருக்கினால் ஆண்டுப் பயன்பாட்டு மதிப்பு கிடைக்கும். இம்மதிப்பின் இறங்கு வரிசையில் பொருள்களை அடுக்கி, ஒவ்வொன்றும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கண்டு, மேலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். இப்படிக் கூடிவரும் தொகையே திரள் விழுக்காடு. அது முன்பே குறித்துக்கொண்ட எல்லைகளைத் தொடும் இடங்களில் வகுப்புக் கோடு விழும்.

பத்து மருந்துகள் மட்டும் உள்ள ஒரு கற்பனைக் கிடங்கின் கணக்கு கீழே உள்ளது. விலைகள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

| மருந்து | ஆண்டுப் பயன்பாடு | அலகு விலை (ரூ.) | ஆண்டு மதிப்பு (ரூ.) | திரள் % | வகுப்பு |
|---|---|---|---|---|---|
| மெரோபெனம் ஊசி | 1,200 | 300 | 3,60,000 | 36 | ஏ |
| சலைன் பாட்டில் | 12,000 | 20 | 2,40,000 | 60 | ஏ |
| இன்சுலின் குப்பி | 1,000 | 120 | 1,20,000 | 72 | ஏ |
| செஃப்ட்ரையாக்சோன் ஊசி | 4,000 | 25 | 1,00,000 | 82 | ஏ |
| பான்டோபிரசோல் ஊசி | 2,000 | 30 | 60,000 | 88 | பி |
| மெட்ஃபார்மின் மாத்திரை | 50,000 | 1 | 50,000 | 93 | பி |
| பாராசிட்டமால் மாத்திரை | 60,000 | 0.50 | 30,000 | 96 | பி |
| பாம்புக்கடி விஷமுறிவு மருந்து | 40 | 500 | 20,000 | 98 | சி |
| ஓ.ஆர்.எஸ். பொட்டலம் | 3,000 | 4 | 12,000 | 99.2 | சி |
| அட்ரினலின் ஊசி | 400 | 20 | 8,000 | 100 | சி |

இங்கே எல்லைகள் 80, 95 விழுக்காடு. எல்லையைத் தாண்டச் செய்யும் பொருளை மேல் வகுப்பிலேயே வைப்பது என்பது விதி. அதனால் 72இலிருந்து 82க்குக் கொண்டுசெல்லும் செஃப்ட்ரையாக்சோன் ஏ வகுப்பில் நிற்கிறது. இந்த எல்லைகள் எங்கும் மாறாதவை அல்ல. 70, 90 என்று கொள்வோரும் உண்டு. எந்த எல்லையைக் கொண்டாலும் ஆண்டுதோறும் அதையே பின்பற்றினால்தான் ஒப்பிட முடியும். பத்தே பொருள்கள் என்பதால் இங்கு நான்கு ஏ வகுப்பில் வந்துள்ளன. நூற்றுக்கணக்கான மருந்துகள் உள்ள கிடங்குகளில் ஏ வகுப்பு பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காட்டுப் பொருள்களுக்குள் அடங்கும்.

வகுப்பைத் தீர்மானிப்பது அலகு விலை அல்ல என்பது பட்டியலிலேயே தெரிகிறது. சலைன் பாட்டிலுக்கும் அட்ரினலினுக்கும் விலை ஒன்றே, 20 ரூபாய். முன்னது ஏ, பின்னது சி. பட்டியலில் மிக விலை கூடிய விஷமுறிவு மருந்தும் சி வகுப்பில்தான் இருக்கிறது.

பயன்பாடு

வகுப்புக்கு ஏற்பக் கொள்முதல் இடைவெளி மாறும். சலைனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கினால் ஒவ்வொரு கொள்முதலும் 60,000 ரூபாய்க்கு வரும். சீராகச் செலவானால் சராசரி இருப்பு அதில் பாதி, அதாவது 30,000 ரூபாய். மாதந்தோறும் வாங்கினால் அது 10,000 ரூபாயாகக் குறையும்; 20,000 ரூபாய் முடங்காமல் கைக்கு வரும். இதே மாற்றத்தை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் செய்தால் சராசரி இருப்பு 1,500இலிருந்து 500 ரூபாய்க்கு இறங்கும். மிச்சம் 1,000 ரூபாய்தான். இரண்டிலும் ஆண்டுக்கு எட்டுக் கொள்முதல்கள் கூடுகின்றன, வேலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஏ வகுப்புப் பொருள்களை அடிக்கடி, சிறு அளவில் வாங்குவதும், சி வகுப்புப் பொருள்களைக் காலாவதித் தேதி இடம் தரும் வரை மொத்தமாக வாங்கி வைப்பதும் வழக்கம்.

இருப்புச் சரிபார்ப்பிலும் இந்த வேறுபாடு உண்டு. ஏ வகுப்பை மாதந்தோறும், பி வகுப்பைக் காலாண்டுக்கு ஒருமுறை, சி வகுப்பை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவது ஒரு நடைமுறை.

நேரும் பிழைகள்

அலகுக் குழப்பமே அடிக்கடி நேர்வது. மேலுள்ள பட்டியலில் பாராசிட்டமால் பயன்பாடு மாத்திரைக் கணக்கில் உள்ளது. விலையை மட்டும் பத்து மாத்திரை கொண்ட அட்டைக்கு உரிய 5 ரூபாய் என்று பதிந்தால் அதன் மதிப்பு 3,00,000 ரூபாயாக ஊதி, மெரோபெனத்துக்கு அடுத்த இடத்துக்கு ஏறிவிடும். மொத்தம் 12,70,000 ரூபாயாகும். பிழை அந்த ஒரு வரியோடு நிற்காது: இன்சுலின் வரையிலேயே திரள் விழுக்காடு 80ஐத் தாண்டிவிடுவதால், செஃப்ட்ரையாக்சோன் பி வகுப்புக்குத் தள்ளப்படும். பட்டியலின் உச்சியில் எதிர்பாராத மலிவுப் பொருள் ஒன்று நின்றால், முதலில் அதன் அலகைச் சரிபார்க்க வேண்டும். ஆண்டு மதிப்பைக் கொள்முதல் பில் தொகையோடு ஒப்பிட்டாலும் இது வெளிப்படும்.

ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் தனித்தனியே பதிவாவது இன்னொரு பிழை. சேர்த்தால் ஏ வகுப்பில் வர வேண்டியது, பிரிந்து நிற்பதால் பி வகுப்புக்கு இறங்கிவிடும். மூலப்பெயர் வாரியாகத் தொகுத்தபின் கணக்கிடுவது இதைத் தவிர்க்கும். பல மாதம் இருப்பில் இல்லாத மருந்தின் பயன்பாடும் பதிவேட்டில் குறைவாகவே தெரியும். அது தேவை குறைந்ததால் அல்ல, கொடுக்கச் சரக்கு இல்லாததால். அத்தகைய மருந்துக்கு, இருப்பு இருந்த மாதங்களின் சராசரியை வைத்து ஆண்டுப் பயன்பாட்டை மதிப்பிட வேண்டும்.

வரம்பும் துணை முறையும்

இப்பகுப்பாய்வு பணத்தை மட்டுமே அளக்கிறது. பொருள் தீர்ந்துபோனால் என்ன நேரும் என்பது அதற்குத் தெரியாது. பட்டியலின் கடைசியில் உள்ள அட்ரினலின், கடும் ஒவ்வாமையால் உயிருக்குப் போராடுபவருக்கு உடனே செலுத்த வேண்டிய மருந்து. சி வகுப்பு என்பதற்காக ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எண்ணினால், அது தீர்ந்ததும் காலாவதியானதும் நெருக்கடி வேளையில்தான் தெரியவரும்.

இதை ஈடுசெய்ய மருத்துவமனைகள் வி.இ.டி. பகுப்பாய்வைச் சேர்த்துக்கொள்கின்றன. அது மருந்துகளை உயிர்காப்பவை, அவசியமானவை, இருந்தால் நல்லவை என மருத்துவ முக்கியத்துவத்தால் பிரிப்பது. இரண்டையும் இணைக்கும்போது, ஏ வகுப்பு முழுவதும், எந்த வகுப்பில் இருந்தாலும் உயிர்காப்பவை அனைத்தும் முதல் பிரிவில் சேர்ந்து நெருக்கமான கண்காணிப்புக்கு வரும். பி, சி வகுப்புகளின் அவசியமான மருந்துகளும் பி வகுப்பின் இருந்தால் நல்லவையும் இரண்டாம் பிரிவு. சி வகுப்பில் எஞ்சியவை மூன்றாம் பிரிவு. இம்முறையில் அட்ரினலினும் விஷமுறிவு மருந்தும் மெரோபெனத்தோடு முதல் பிரிவில் அமைகின்றன. ஆனால் கண்காணிப்பின் நோக்கம் வேறு: மெரோபெனத்தில் இருப்பு தேங்காமல் பார்ப்பது, அட்ரினலினில் இருப்பு தீராமல் பார்ப்பது.